முதல் ஆண்டின் ஐந்து சதவீதம்

என் மனைவியின் தம்பி மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஒரு வருடம் முடிந்த அன்று, கைபேசியை என் முன் நீட்டினான். செயலியில் ‘பேட்டரி நலம் 95%’ என்று இருந்தது.

“வாங்குறப்ப நூறு மாமா. ஒரே வருஷத்துல அஞ்சு போயிடுச்சு. அப்ப பத்து வருஷத்துல பாதி காலியா?”

“பாதியெல்லாம் போகாது. பதினாறு போகும்” என்றேன்.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். ஆறுதலுக்குச் சொல்வதாக இருந்தால் இருபது என்று முழு எண்ணாகச் சொல்லியிருப்பேன். பதினாறு என்பது கணக்கு. ஐந்தைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 15.8 வரும். ஆண்டுக் கணக்கைப் பத்தால் பெருக்காமல் பத்தின் வர்க்கமூலத்தால் ஏன் பெருக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைய சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

அவன் வண்டியில் இருக்கும் கலங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், 3 ஆம்பியர்-மணி கொள்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு மின்வாய்கள் பாய்போல் சுருட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று லித்தியம் உள்ள உலோக ஆக்சைடு, இன்னொன்று கிராஃபைட். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பி, நடுவில் இருக்கும் திரவத்தை நீந்திக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய்ப் புகுந்துகொள்கின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. 3 ஆம்பியர்-மணிக்கு இப்படிப் போய்வரும் லித்தியத்தின் மொத்த எடை முக்கால் கிராமைச் சற்றே தாண்டும். கலம் மூடப்பட்ட பிறகு வெளியிலிருந்து லித்தியம் வர வழியில்லை. ஆகவே கொள்திறன் என்பது, இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும் லித்தியத்தின் தலைக்கணக்கு. 5 சதவீதம் குறைந்துவிட்டது என்றால், சுமார் 39 மில்லிகிராம் லித்தியம் எங்கோ போய் அடைபட்டுவிட்டது என்று பொருள்.

அது அடைபடும் இடம் கிராஃபைட்டின் தோல்.

கலத்துக்குள் இருக்கும் திரவத்துக்கு மின்பகுளி என்று பெயர். எத்திலீன் கார்பனேட் போன்ற கரிமக் கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்து இதைச் செய்கிறார்கள். இந்தத் திரவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட்டு அளந்தால், மின்வாயின் மின்னழுத்தம் சுமார் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் கரைப்பான் மூலக்கூறுகள் மின்வாயிலிருந்து எலக்ட்ரானை வாங்கிச் சிதையத் தொடங்கிவிடும். சார்ஜ் ஏறிய கிராஃபைட் இருப்பதோ சுமார் 0.1 வோல்ட்டில். அதாவது, தன்னைச் சிதைக்கும் பரப்பைத் தொட்டபடியேதான் இந்தத் திரவம் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. நியாயமாகப் பார்த்தால் லித்தியம் அயனி கலம் முதல் நாளே செத்திருக்க வேண்டும்.

சாகாமல் காப்பாற்றுவது அந்தச் சிதைவின் குப்பைதான். சிதைந்த மூலக்கூறுகள் லித்தியத்தோடு சேர்ந்து லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபுளோரைடு, இன்னும் சில கரிம உப்புகளாகக் கிராஃபைட்டின் மேல் படிகின்றன. சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள இந்தப் படலம் லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. 1979-ல் இஸ்ரேலிய வேதியியலாளர் இமானுவேல் பெலெட், லித்தியம் போன்ற உலோகங்களின் மேல் படியும் இத்தகைய படலத்துக்கு ஒரு நீளமான பெயரை வைத்தார். அதன் சுருக்கமான எஸ்.இ.ஐ. என்பதையே துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். நாம் காப்புப் படலம் என்போம்.

நல்ல படலம் எல்லாத் திரவத்திலும் அமைவதில்லை. புரொப்பிலீன் கார்பனேட் என்ற, எத்திலீன் கார்பனேட்டுக்கு ஒரே ஒரு கார்பன் கூடுதலான உறவுக்காரத் திரவத்தில் கிராஃபைட்டை வைத்தால், காப்பு எதுவும் அமையாமல் கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்துவிடும். எத்திலீன் கார்பனேட்டில் அது உரியாமல் நிற்கிறது என்று 1990-ல் கனடாவில் ஃபாங், வான் சாக்கன், டான் ஆகிய மூவர் காட்டிய பிறகுதான் கிராஃபைட்டுக்கு இந்தத் தொழிலில் இடம் கிடைத்தது.

படலத்தின் காவல் முழுமையானதல்ல. ஏதோ கொஞ்சம் கசிகிறது. ஒவ்வொரு கசிவிலும் ஓர் எலக்ட்ரானும் ஒரு கரைப்பான் மூலக்கூறும் எங்கேயோ சந்தித்துக்கொள்கின்றன. கணக்கைச் சமன்செய்ய ஒரு லித்தியம் அயனி அங்கேயே தங்கிப் படலத்தின் பகுதியாகிறது. கொள்திறனில் ஒரு துளி குறைகிறது, படலத்தில் ஒரு துளி கூடுகிறது. வர்க்கமூலம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

கசிவது எதுவாக இருந்தாலும் அது படலத்தின் முழுத் தடிப்பையும் கடந்தாக வேண்டும். ஒரு பக்கம் அதன் செறிவு அதிகம், மறுபக்கம் அது வினையில் தீர்ந்துபோவதால் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்தச் சரிவில்தான் அது உருண்டு வருகிறது. சுவர் இருமடங்கு தடித்தால் சரிவின் செங்குத்து பாதியாகிறது, கசிவும் பாதியாகிறது. ஆகவே படலம் வளரும் வேகம், அப்போது இருக்கும் தடிப்புக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். தடிப்பை L என்று வைத்தால் முழுச் செய்தியும் ஒரு வரிதான்:

dL/dt = k / L

இதன் விடை L = √(2kt). வகைநுண்கணிதம் வேண்டாம் என்பவர்கள் விரல் விட்டும் எண்ணலாம். முதல் நானோமீட்டர் வளர ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு இரண்டு நாள், மூன்றாவதற்கு மூன்று நாள். பத்து நானோமீட்டர் சேர 1 முதல் 10 வரை கூட்டினால் 55 நாள். இருபது சேர 1 முதல் 20 வரை, 210 நாள். தடிப்பு இருமடங்கு, நாளோ ஏறத்தாழ நான்கு மடங்கு. நானோமீட்டருக்குப் பதில் இன்னும் மெல்லிய அடுக்குகளாக எண்ணிக்கொண்டே போனால் இந்த ‘ஏறத்தாழ’ மறைந்து சரியாக நான்கு ஆகிவிடும். தடிப்பின் வர்க்கம்தான் காலத்தோடு சீராக ஏறுகிறது. இழந்த கொள்திறன் தடிப்போடு சேர்ந்தே வளர்வதால் அதற்கும் அதே கணக்கு.

இது பேட்டரிக்காரர்கள் கண்டுபிடித்த விதி அல்ல. 1920-ல் ஜெர்மனியின் குஸ்தாவ் தம்மன், வெள்ளியை அயோடின் ஆவியில் வைத்து, அதன் மேல் படியும் ஏடு நிறம் மாறுவதைக் கவனித்தார். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரியுமே, அதே ஒளியியல்தான். நிறத்திலிருந்து தடிப்பைப் படித்தார். தடிப்பின் வர்க்கம் காலத்துக்கு நேர்விகிதம் என்று வந்தது. 1923-ல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் சூடான உலோகங்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதில் இதையே கண்டார்கள். அவர்கள் கண்ட இன்னொன்றும் நமக்கு வேண்டும். ஆக்சைடு உலோகத்தை முழுதாக மூடினால்தான் வர்க்கமூலம் வரும். ஆக்சைடு பொத்தலாக இருந்தால் சுவர் என்ற ஒன்றே இல்லை, இழப்பு நேர்கோட்டில் ஓடும். பத்தாண்டுக்குப் பிறகு கார்ல் வாக்னர் இதற்கு முறையான கோட்பாடு எழுதினார். துறையில் இதைப் பரவளைய விதி என்கிறார்கள்.

இப்போது நம் கலத்துக்குத் திரும்பி, இந்தச் சுவர் உண்மையில் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்போம். 5 சதவீத இழப்பு என்பது 150 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 540 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும் என்பதால், அடைபட்ட லித்தியம் 0.0056 மோல். படலத்தில் உள்ள கரிம உப்பின் கணக்கை எடுத்தால், ஒரு மோல் லித்தியம் அடைபடும்போது சுமார் 50 கன சென்டிமீட்டர் படலம் உண்டாகிறது. அப்படியானால் நம் 5 சதவீதம் கிட்டத்தட்ட 0.28 கன சென்டிமீட்டர். ஆறு சொட்டுத் தண்ணீர் அளவு. அந்த ஆறு சொட்டு எவ்வளவு பரப்பில் பூசப்படுகிறது? கலத்தில் சுமார் 10 கிராம் கிராஃபைட் தூள் இருக்கிறது. கிராமுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தாலும் மொத்தம் 10 சதுர மீட்டர். நம் ஊர் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை என்போமே, அதன் தரையைவிடச் சற்றுப் பெரியது. விரல் அளவுக் கலத்துக்குள் ஓர் அறையின் தரை. அதன் மேல் ஆறு சொட்டைப் பரப்பினால் 28 நானோமீட்டர் வரும். தலைமுடி ஒன்றின் பருமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வருடச் சேதம் அவ்வளவுதான்.

கசிவின் வேகத்தையும் பார்த்துவிடலாம். வர்க்கமூல விதிப்படி, ஓர் ஆண்டில் 5 சதவீதம் இழக்கும் கலம் முதல் மாதத்திலேயே 1.44 சதவீதத்தை இழந்துவிடும். நான்காம் மாத முடிவில் 2.9, ஒன்பதாம் மாத முடிவில் 4.3. பன்னிரண்டாவது மாதத்தில் மட்டும் இழப்பது 0.21 சதவீதம். இதை மின்னோட்டமாக மாற்றினால், முதல் மாதம் சராசரியாக 59 மைக்ரோ ஆம்பியர், கடைசி மாதம் 9 மைக்ரோ ஆம்பியர். முதல் மாத இழப்பை மட்டும் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கியவர் 17 சதவீதம் போய்விடும் என்று பதறியிருப்பார். புதுக் கைபேசியின் பேட்டரி நலம் சில மாதங்களில் இரண்டு மூன்று புள்ளி இறங்கியதும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் போடும் கணக்கு இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் இதைச் சரிபார்க்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். கலத்தைச் சார்ஜ் செய்து, மாறாத வெப்பநிலை உள்ள அறையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக் கொள்திறனை அளக்க வேண்டும். வரைபடத்தின் கிடை அச்சில் நாளைக் குறிக்காமல் நாளின் வர்க்கமூலத்தைக் குறித்தால், வளைந்த கோடு நேராகிவிடும். பிரான்சின் சாஃப்ட் நிறுவனத்தில் ப்ரூஸ்லியும் சகாக்களும் 2001-ல் வெளியிட்ட சேமிப்புச் சோதனைகள் இப்படித்தான் பரவளைய விதிக்குப் பொருந்தின. பத்தாண்டு கழித்து, கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் டானின் குழு வேறு வழியில் வந்தது. மாதக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போன மின்னூட்டத்துக்கும் வெளியே வந்ததற்கும் உள்ள மிக நுண்ணிய வித்தியாசத்தை அளக்கும் கருவியைத் தாங்களே அமைத்தார்கள். படலம் எத்தனை சுற்று ஓடியது என்பதைவிட எத்தனை மணி நேரம் கடந்தது என்பதைத்தான் முதன்மையாகப் பின்பற்றுகிறது, அதுவும் வர்க்கமூலமாக, என்று அந்தக் கருவி சொன்னது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்தால் பேட்டரி இளமையாகவே இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது கெட்ட செய்தி.

வெப்பமும் இதில் விளையாடும். 2011-ல் அமெரிக்காவில் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் கலங்களை வைத்து எழுதப்பட்ட, பலரும் பயன்படுத்தும் ஒரு சமன்பாட்டில், கலம் கடத்திய மொத்த மின்னூட்டத்தின் அடுக்கு 0.55. வர்க்கமூலமான 0.5-க்கு மிக அருகில். அதே சமன்பாட்டின்படி, மிதமான ஓட்டத்தில், 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் இழப்பு சுமார் 2.2 மடங்கு ஆகிறது. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: அதே 20 சதவீத இழப்பை எவ்வளவு முன்னால் எட்டும்? அடுக்கு தலைகீழாகி வர்க்கத்துக்குக் கிட்ட வருவதால், நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான உழைப்பிலேயே எட்டிவிடும்.

இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது. எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான்.

√t என்ற கோட்டைத் தொடக்கப் புள்ளியில் பாருங்கள். அங்கே அது செங்குத்தாக நிற்கிறது, அதாவது முதல் நொடியில் வேகம் முடிவிலி. சுவரே இல்லாத இடத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடைக்கு வரும் கலத்தில் சுவர் ஏற்கெனவே இருக்கிறதே! தொழிற்சாலையில் முதன்முதலாக மெதுவாகச் சார்ஜ் ஏற்றும்போதே 8 சதவீதம்போல லித்தியம் படலமாகிவிடுகிறது. நம் கணக்குப்படி அது சுமார் 45 நானோமீட்டர். 45-ல் தொடங்கி 28 வளர்கிற சுவர், முதல் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டின் மொத்த இழப்பில் முதல் மாதத்தின் பங்கு 11 சதவீதம் என்று வருகிறது. நேர்கோடாக இருந்தால் 8, சுத்தமான வர்க்கமூலமாக இருந்தால் 29. அதாவது கிட்டத்தட்ட நேர்கோடுதான் வந்திருக்க வேண்டும். அளவீடுகளோ பல நேரம் தொடக்கத்திலிருந்தே நன்றாக வளைகின்றன.

இதற்கு ஒரு விளக்கம் படலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அது ஒரே சீரான சுவர் அல்ல. வெளிப்பக்கம் கரிம உப்புகளால் ஆன, துளைகள் நிறைந்த, திரவம் ஊறிய பகுதி. கிராஃபைட்டை ஒட்டிய உட்பக்கம் நெருக்கமான கனிமப் பகுதி. உண்மையான காவல் அந்த மெல்லிய உட்பகுதியிடம் இருந்தால், தொழிற்சாலையில் படிந்ததில் பெரும்பாலானது சுவர்க் கணக்கில் வராது.

இன்னொரு விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வேறொரு வர்க்கமூலத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கலத்தைச் செய்கிறவர்கள் கிராஃபைட் தாளை எதிரே இருக்கும் ஆக்சைடு தாளைவிடச் சற்று அகலமாகவே வெட்டுவார்கள், வேட்டிக்குக் கரை விட்டதுபோல. ஓரங்களில் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்தக் கரைக்கு நேர் எதிரே ஆக்சைடு இல்லை. ஆகவே தினசரிப் போக்குவரத்து அங்கே நடப்பதில்லை. ஆனால் கலத்தை முழுச் சார்ஜில் வைத்திருந்தால், பக்கத்தில் நிரம்பி வழியும் கிராஃபைட்டிலிருந்து லித்தியம் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து கரைக்குள் போகும். வாரங்கள், மாதங்கள் ஆகும். காலியான இடத்துக்குள் பரவும் எந்தப் பொருளும் தொடக்கத்தில் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உள்ளே சேரும். இங்கே வளரும் சுவர் எதுவும் இல்லை. போக வேண்டிய தூரம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. படலத்தில் போன லித்தியம் போனதுதான். கரைக்குப் போனது திரும்பி வரும். கலத்தைச் சார்ஜ் குறைவான நிலையில் சில வாரம் ஓய்வாக வைத்துவிட்டு மறுபடி அளந்தால், இழந்த கொள்திறனில் ஒரு பகுதி மீண்டிருக்கும். குறைந்த சார்ஜில் சேமித்துவைத்த சில கலங்களின் கொள்திறன் முதல் அளவைவிடக் கூடியிருப்பதைப் பார்த்து ஆய்வாளர்கள் குழம்பியதும் இதனால்தான். கலத்துக்கு வயது குறையவில்லை, கரையில் பதுங்கியிருந்த லித்தியம் ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

ஆக, கோடு நேராக வந்துவிட்டது என்பதாலேயே காரணம் தெரிந்துவிட்டது என்று ஆகாது. இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறும் இதுதான். சுவரைக் கடப்பது எது என்பதிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. ப்ரூஸ்லியின் குழு எலக்ட்ரான் வெளியே கசிகிறது என்று எடுத்துக்கொண்டது. 2004-ல் ப்ளோன், ராமதாஸ், வைட் ஆகியோர் கரைப்பான் மூலக்கூறு உள்ளே ஊடுருவுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே √t தருகின்றன. வடிவத்தை வைத்து இருவரில் யார் சரி என்று சொல்லவே முடியாது.

வேறு கேள்வி கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. 2016-ல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைல் குழுவினர், கலங்களைப் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை பல சார்ஜ் நிலைகளில் மாதக்கணக்கில் சேமித்து வைத்தார்கள். சார்ஜ் கூடக் கூட இழப்பும் சீராகக் கூடும் என்று எதிர்பார்ப்போம். கூடவில்லை. படிக்கட்டுபோல வந்தது. நீண்ட சமதளம், நடுவில் ஒரு தாவல், மீண்டும் சமதளம். கிராஃபைட்டின் மின்னழுத்தமும் அதே இடத்தில்தான் ஒரு படி இறங்குகிறது. கரைப்பான் மூலக்கூறு தானாக உள்ளே ஊறுவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றால், கிராஃபைட்டின் மின்னழுத்தத்தைப் பற்றி அதற்கு என்ன கவலை? ஆகவே கசிவது கிராஃபைட் பக்கத்திலிருந்து கிளம்பும் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் உல்மில் சிங்கிள், லாட்ஸ், ஹோர்ஸ்ட்மன் மூவரும் 2018-ல் இந்தத் தரவுகளை எடுத்து, எலக்ட்ரானைத் தன்னோடு வைத்துக்கொண்ட நடுநிலை லித்தியம் அணு படலத்தின் இடைவெளிகளில் தாவித் தாவி வெளியேறுகிறது என்று வாதிட்டார்கள். என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் வலுவான விளக்கம் இது. ஆனாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2020-ல் அட்டியாவும் சகாக்களும் பழைய தரவுகளை மீண்டும் பொருத்திப் பார்த்து, அடுக்கு 0.5 என்பது பல இடங்களில் மிகச் சிறந்த பொருத்தம் அல்ல என்று காட்டினார்கள். சில அளவீடுகள், சத்தமில்லாமல், 0.6, 0.7 என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

அடுக்கு ஏன் 0.5-ஐத் தாண்டுகிறது என்பதற்குப் பில்லிங்கும் பெட்வொர்த்தும் நூறு ஆண்டுக்கு முன்பே சொன்ன பதில் உதவும்: சுவரில் பொத்தல். லித்தியம் நிரம்பும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. மேலே இருக்கும் படலம் இந்த மூச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆங்காங்கே விரிசல் விடுகிறது. விரிசலில் புதுப் பரப்பு திறக்கிறது, அங்கே முதல் நாள் வேகத்தில் படலம் வளர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு விரிசல் என்பதால் இந்த இழப்பு நேர்கோட்டில் ஏறும். வர்க்கமூலமும் நேர்கோடும் கலந்த கோட்டுக்கு அடுக்கு கண்டால் நடுவில் ஏதோ ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குத் தனிப் பொருள் தேடக் கூடாது. சிலிக்கன் கலந்த மின்வாய்களில் இது இன்னும் மோசம். சிலிக்கன் சுமார் நான்கு மடங்கு பருமனுக்கு உப்பிச் சுருங்கும். அங்கே எந்தச் சுவரும் நிம்மதியாகத் தடிப்பதில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கோட்டின் மறுமுனை. பல ஆண்டுகள் மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டு வந்த கோடு, திடீரென முழங்கால்போல மடங்கிச் சரிவது உண்டு. ஒரு வழி இப்படி நடக்கிறது: படலமும் அதன் குப்பையும் கிராஃபைட்டின் துளைகளை அடைத்துவிடுகின்றன. லித்தியம் உள்ளே புக முடியாமல் பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. புதிதாகப் படிந்த உலோகம் மின்பகுளியோடு வினைபுரிந்து இன்னும் குப்பையை உண்டாக்குகிறது, துளைகள் இன்னும் அடைபடுகின்றன. தன்னைத் தானே மெதுவாக்கிக்கொண்டிருந்த வினை, தன்னைத் தானே விரட்டும் வினையாகிவிடுகிறது. அந்த மடிப்பு வரும் வரை வர்க்கமூலக் கோட்டில் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. எனவே அந்தக் கோட்டை நீட்டிப் பத்தாண்டு ஆயுளைச் சொல்கிற எவரும், நான் உட்பட, முழங்கால் வராது என்ற நம்பிக்கையின் மேல்தான் சொல்கிறோம்.

இரண்டாம் ஆண்டு முடிவில் மைத்துனன் செயலியை மறுபடியும் காட்டினான். 93. கணக்குப்படி 92.9 இருக்க வேண்டும். அவனுக்கு அந்தத் தசமம் பெரிதாகப் படவில்லை, எனக்குப் பட்டது. மூன்றாம் ஆண்டுக்கு 91-ம் நான்காம் ஆண்டுக்கு 90-ம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னேன்: எந்த ஆண்டிலாவது அந்த ஆண்டின் இழப்பு முந்தைய ஆண்டின் இழப்பைவிட அதிகமாகத் தெரிந்தால், எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதே, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோ.